‘அண்ணா’ என்று கூப்பிடவில்லை

அடியே குள்ளி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. இங்கே ஷிப்மென்ட் நெருக்கடி, நடுவில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீரியலில் வரும் மாமியாரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள், தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பிடித்திருக்கிறது என்றவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொன்னேன் என்பதை, போனில் பாதி சொன்னதை, முழுசாக எழுதச் சொன்னாய். அந்த ஆளுக்கு எங்கள் ஆபீசில் லேப் டிப் வேலை. சாயம் போட்ட துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டிக் கொண்டுவருவான், நான் ஷேடு பார்த்து பையருக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு நாலு தடவையாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். ஒரு ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு, கல்யாணம் பத்தி யோசிக்கலாமா, உங்க மனசு தெரிஞ்சாப் போதும் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

முதலில் தோன்றியது நம் ஹாஸ்டல் வைத்தியம்தான்: ‘அண்ணா’ என்று கூப்பிட்டுவிடுவது. நீ ஒருத்தனுக்கு ராக்கி கட்டினாயே, அப்புறம் அவன் கேன்டீன் பக்கமே வரவில்லை. அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்தால், அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவனைக் கேலிப்பொருளாக்கி அனுப்பியிருக்கிறோம்.

அடுத்து ‘வீட்ல ஒத்துக்க மாட்டாங்க’. அப்படிச் சொல்லியிருந்தால் அவன் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்திருப்பான். லேப் டிப்பில் ‘கொஞ்சம் சிவப்பு கூடுது’ என்று எழுதினால் சாயத்தைத் திருத்தி மறுபடி கொண்டுவருவது அவன் தொழில். காரணம் சொன்னால் அதைச் சரிசெய்யப் பார்ப்பான். ‘இப்போதைக்கு இல்லை’ என்றால் ஆறு மாதம் காத்திருப்பான்.

நேரில் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ‘நாளைக்குப் பேசலாம்’ என்றால் அந்த ராத்திரி முழுக்க அவனுக்கு நம்பிக்கை. பதிலை நேரில் கேட்டால் அவன் என் முன்னால் முகத்தை வேறு சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில் கேட்டான், எழுத்திலேயே சொல்லிவிடுவோம் என்று பதினொரு மணிக்கு இப்படி அனுப்பினேன்:

“நேராக் கேட்டதுக்கு நன்றி. எனக்கு உங்க மேல அந்த மாதிரி எண்ணம் இல்லை, இனிமேலும் வராது. என் பதில் வேண்டாம்ங்கறதுதான். இதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல நேவி ப்ளூ லேப் டிப் பார்த்துடலாம்.”

முதலில் எழுதியதில் இரண்டு ஸாரியும், ‘உங்களுக்கு நல்ல பொண்ணு கிடைப்பா’ என்ற ஆசீர்வாதமும், ஒரு சிரிப்பு எமோஜியும் இருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். ‘இனிமேலும் வராது’ என்பதை மட்டும் நாலு தடவை அழித்து நாலு தடவை எழுதினேன். “ஓகே மேடம், ஸாரி” என்று வந்தது. “கேட்டது தப்பில்லை” என்று போட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் அவன் என் மேஜைக்கு வரத் தயங்குவான் என்று தெரியும். ஒன்பதரைக்கு நானே போனேன். லைட் பாக்ஸில் ஏ, பி, சி மூன்றையும் வைத்துப் பார்த்தோம். அவன் காது சிவந்திருந்தது, நான் அட்டையையே பார்த்துப் பேசினேன். பி-க்குக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம்தான். மழை நாளில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவன் வண்டியில் போவதை மட்டும் விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும் போல அதே கூட்டத்தோடுதான் உட்காருகிறேன்.

ஒரு இடத்தில் சறுக்கினேன். இரண்டாம் வாரம் அவன் வாடியிருக்கிறானே என்று பாவப்பட்டு, ராத்திரி ஒரு வடிவேலு மீம் அனுப்பிவிட்டேன். ‘டைப்பிங்’ என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. கடைசியில் ஒன்றும் வரவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆபீஸ் விஷயம் தவிர ஒரு வரி கிடையாது, அதுவும் க்ரூப்பில்தான்.

உன் நாத்தனார் விஷயத்தை இதோடு சேர்க்காதே. அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் மேனேஜர் கேட்கிறார், லீவு போட்டால் காரணம் நோண்டுகிறார் என்கிறாய். அங்கே பதமாகச் சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் இதற்கென்று புகார்க் குழு இருந்தாக வேண்டும், வேலை இடத்துப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013-ஆம் வருஷச் சட்டம். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கோபத்தில் மெசேஜ்களை அழித்துவிடப் போகிறாள், முதலில் அதைத் தடு.

போன வியாழன் அவனே வந்து, “மேடம், மெரூன் மூணாவது தடவையா ரிஜெக்ட் பண்றீங்க, நியாயமா?” என்று சண்டை போட்டான். நானும் விடவில்லை. மெரூன் இன்னும் சரியாக வரவில்லை.

பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா? அத்தை போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வா.

உன்,
நெட்டை