இரண்டே முக்காலுக்கு எழுந்தவளுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படித்தேன். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்களாம். என்னை அதிகம் பிடித்து உட்கார வைத்தது அவர்கள் கணக்கெடுக்கிற விதம். விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகப் பிரித்து, அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒரே அரைமணியில் பல வேலை இருந்தால் பத்து நிமிடமாவது நீடித்ததைத்தான் குறிக்கிறார்கள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பழைய டைரி ஒன்றில் 48 கட்டம் போட்டுக்கொண்டு, என் மனைவியின் முந்தைய நாளை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் கட்டத்துக்குள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. கடைசியில், "ராத்திரி ரெண்டரையிலிருந்து மூணு?" என்றேன். "தூங்கிட்டு இருந்தேங்க" என்றாள்.

ஆனால் அந்த முந்தைய ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு அவள் எழுந்து, விளக்குகூடப் போடாமல் வாசல் கதவைத் திறந்துகொண்டு போனதையும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து படுத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சொன்னதும், "அதுவா, தண்ணி வந்துது, திறந்துவிட்டுட்டு வந்தேன். இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

பெங்களூரில் இருக்கிற வாசகர்களுக்கு இது புரியும். எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துக்குள் எப்போதோ வரும். வந்தால் ஒன்றரை மணி நேரம். மாடியில் குடியிருப்பவர்களையும் சேர்த்து வீட்டில் ஏழு பேர், நாளுக்கு 750 லிட்டராவது வேண்டும். ஒரு முறைக்கு 1,500 லிட்டர் சம்ப்பில் விழுந்தால் பெரிது, அதாவது இரண்டு நாளைக்குச் சரியாகப் போகும், மிச்சம் இருக்காது. ஒரு முறை விட்டுப்போனால் அந்தக் குறையை வேறு எங்கிருந்தாவதுதான் கொண்டுவர வேண்டும்.

திறந்துவிடுவது என்று அவள் ஒரே சொல்லில் முடித்ததற்குள் என்னென்ன இருக்கிறது என்று அடுத்த முறை கூடவே போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும். மீட்டர் பக்கத்தில் அது உஸ்ஸென்று சீறுகிற சத்தம்தான் அவளை எழுப்புகிறது, அலாரம் கிடையாது. முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்பதால் சம்ப்பில் விடாமல், மீட்டர் ஓரத்துக் குழாயைத் திறந்து வாளியில் பிடிக்கிறாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்தும் பார்க்கிறாள். இரண்டு வாளிக்கு அப்புறம் தெளிந்தால்தான் சம்ப் வால்வைத் திருப்புகிறாள். கலங்கல் பிடித்த அந்த இரண்டு வாளியும் காலையில் வாசல் கழுவப் போகிறது.

அப்புறம் அந்தக் கழி. சம்ப் மூடிக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாத்தியிருக்கிற மூங்கில் கழியை ஒட்டடை அடிக்க வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதில் கத்தியால் மூன்று கோடு கீறி வைத்திருக்கிறாள். மேல் கோடு வரை நனைந்தால் சம்ப் நிறைந்திருக்கிறது. நடுக் கோடு என்றால் இரண்டு நாளைக்குத் தாங்கும், டேங்கர்காரருக்கு இன்றைக்கே போன் செய்துவிட வேண்டும், ஏனென்றால் கோடையில் சொன்னவுடன் லாரி வராது. கீழ்க் கோட்டுக்கும் கீழே போய்விட்டால் மோட்டாரைப் போடவே கூடாது. ஃபுட் வால்வு தண்ணீருக்கு மேலே வந்து மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும், தண்ணீர் ஏறாமல் சும்மா ஓடிச் சூடாகி சீல் போகும், அப்படியே விட்டால் காயிலும் கருகும். சத்தத்திலேயே தெரியும் என்கிறாள். தண்ணீர் இழுக்கும்போது கனமாக முனகும், காற்று இழுத்தால் சத்தம் மெலிந்து கீச்சென்று ஆகிவிடுமாம். அவள் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்டியைப் போட்டுவிட்டு சுவிட்சை அணைக்க ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எதற்கு ஓடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இதில் எதுவுமே பத்து நிமிடம் பிடிப்பதில்லை. கழியை விட்டுப் பார்ப்பது அரை நிமிடம், மோட்டார் போடுவதும் அணைப்பதும் சில நொடி, டேங்கருக்குப் போன் இரண்டு நிமிடம். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த 289 நிமிடத்துக்கு வெளியேதான் என் மனைவியின் பாதி நாள் ஓடுகிறது. வேலை முடிந்த பிறகும் காது குழாயிலும் மோட்டாரிலுமே இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2024 கோடையை நினைத்துக்கொள்கிறேன். ஊர் முழுக்க போர்வெல் வறண்டு, காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த மார்ச் மாதம் அது. எங்கள் தெருவில் இரண்டு முறை தொடர்ந்து தண்ணீர் வரவில்லை. துணி துவைப்பதைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கினாள், வாஷிங் மெஷின் கடைசியாக அலசிவிடுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு வைத்தாள், அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. தெரு வால்வு திறக்கிறவரிடம் அடுத்த முறை எப்போது என்று கன்னடத்தில் விசாரித்து, மாடியில் இருந்தவர்களுக்கும் சொல்லி வைத்தாள். திருவண்ணாமலையிலிருந்து வந்த புதிதில் அவள் கற்றுக்கொண்ட முதல் கன்னட வாக்கியமே "நீரு யாவாக பருத்தே?" தானாம். தண்ணி எப்போ வரும் என்பதுதான் அது. கல்யாணமாகி 31 வருடம் கழித்து, போன மாதம்தான் எனக்கு இது தெரிந்தது.

அந்தக் கோடையிலும் சரி, அதற்கு முன்னால் இந்த வீட்டில் இருந்த அத்தனை வருடத்திலும் சரி, ஷிப்டுக்குக் கிளம்புகிற காலையில் ஆறு மணிக்கு நான் குழாயைத் திறந்து தண்ணீர் வராமல் போன நாள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் தானாக வருகிறது என்று குளித்துவிட்டுப் போனேன். நீ தூங்காமல் இருந்து கொண்டுவந்த தண்ணீர் அது என்று தெரியாமலே போனேன். அதற்கு உனக்கு நன்றி சொல்லத்தான், ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தை நீ விடாமல் படிப்பாய் என்று தெரிந்து, இங்கே எழுதுகிறேன். நேரில் சொன்னால், கீரையை ஆய்ந்துகொண்டே பேச்சை மாற்றிவிடுவாய்.

இரண்டு வாரமாக ராத்திரி முறையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் கலங்கலை வெளியே விட மறந்து, சம்ப் முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. நீ கோபப்படவில்லை, அடியில் படியட்டும் என்று சாயங்காலம் வரை மோட்டார் போடாமல் மேல் டேங்க் தண்ணீரிலேயே சமாளித்தாய். இப்போது உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் சத்தம் கேட்டதும் நீயும் கண் விழித்துக்கொள்கிறாய், நான் திரும்பி வருகிற வரை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய்.

இந்தக் கடிதம் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி நம் தெருவுக்குத் தண்ணீர் முறைதான். நான் எழுந்துகொள்கிறேன். நீ தூங்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு