டெசிபலையும் ரிக்டரையும் வகுக்காதீர்கள்: செய்தி டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் டெஸ்க்கில் வேலை பார்க்கும் உதவி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு மறுநாள் தவறாமல் ஒரு செய்தி வரும். குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்துக்கு அனுமதித்த அளவு 55 டெசிபல், பதிவானது 75 டெசிபல், ஆக 36 சதவீதம் அதிகம் என்று. கால்குலேட்டரில் தட்டினால் 36 சரியாகத்தான் வருகிறது, ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. 55-லிருந்து 75-க்குப் போனால் அந்த இடத்துக்கு வந்து சேரும் ஒலி ஆற்றல் நூறு மடங்கு. நிலநடுக்கச் செய்தியிலும் இதே கதைதான்: "ரிக்டர் அளவில் 7.8 ஆக இருந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, சற்றே குறைந்த 6.8 அளவில் மீண்டும் ஓர் அதிர்வு" என்று ஸ்க்ரோல் ஓடுகிறது. அந்த "சற்றே" என்பதற்குள் வெளியான ஆற்றலில் சுமார் 32 மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

இரண்டுமே மடக்கை அளவுகோல்கள். பள்ளியில் லாக் டேபிளைப் புரட்டிய நினைவே சிலருக்குக் கசக்கும் என்பதால் எளிமையாகவே சொல்கிறேன். 100-இல் இரண்டு சுழி, அதன் மடக்கை 2. 1,000-இல் மூன்று சுழி, மடக்கை 3. நீங்கள் செய்தியில் போடும் எண் பொருளின் அளவு அல்ல, அதன் சுழிகளின் எண்ணிக்கை மாதிரி. சுழிகளை ஒன்றோடொன்று வகுத்துச் சதவீதம் போட முடியாது. கழிக்கலாம், கழித்து வந்த வித்தியாசத்தை மடங்காக மாற்றலாம், அவ்வளவுதான்.

சரி, நேரடியாக அளவைப் போடாமல் எதற்கு இந்தச் சுற்றுவழி? மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் ஒரே அளவுகோலில் அடக்கத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது உண்மைதான், பாதி உண்மை. டெசிபல் பிறந்த இடத்தைப் பார்த்தால் மீதி தெரியும். 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இருந்த தலைவலி, கம்பியில் போகும் பேச்சு தூரம் கூடக்கூடத் தேய்ந்துகொண்டே போவது. ஒவ்வொரு மைலும் தனக்கு வந்து சேர்ந்ததில் ஒரே விகிதத்தைத் தின்றுவிடும். முதல் மைலில் பாதி போனால் அடுத்த மைலில் மிச்சத்தில் பாதி, அதற்கடுத்ததில் அந்த மிச்சத்திலும் பாதி. ஆக, எல்லாமே பெருக்கல் கணக்கு. மடக்கைக்கு மாற்றிவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடும், ஒரு மைலுக்கு இத்தனை அலகு இழப்பு என்று தாளில் கூட்டிக்கொண்டே போகலாம். அந்த அலகுக்கு கிரஹாம் பெல் நினைவாக பெல் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெல் என்பது பத்து மடங்கு. அது அன்றாட வேலைக்குப் பெரிதாக இருந்ததால் அதில் பத்தில் ஒரு பங்கான டெசிபல் புழக்கத்துக்கு வந்தது.

இங்கேதான் ஒரு குழப்பம். "ஒரு படி ஏறினால் பத்து மடங்கு" என்பது பெல்லுக்குத்தான், அதாவது 10 டெசிபலுக்கு. ஒரு டெசிபல் ஏறினால் ஆற்றல் சுமார் 26 சதவீதம்தான் கூடும், 3 டெசிபல் ஏறினால் இரு மடங்கு. திருவிழாவில் ஒரே மாதிரி இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள், தனித்தனியே 70 டெசிபல் என்றால் இரண்டும் சேர்ந்து 140 அல்ல, 73. பத்து ஸ்பீக்கர் சேர்ந்தால் 80. பத்தில் ஐந்தைப் பறிமுதல் செய்ததால் சத்தம் பாதியாகக் குறைந்தது என்று எழுதினால், குறைந்தது வெறும் 3 டெசிபல், அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஏனென்றால் நம் காதும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஆற்றல் பத்து மடங்கானால்தான் சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்றும். எனவே 55-லிருந்து 75 என்பது ஆற்றலில் நூறு மடங்கு, காதுக்கு ஏறத்தாழ நாலு மடங்கு. இரண்டில் எதை எழுதினாலும் சரி, எதைச் சொல்கிறோம் என்று சேர்த்து எழுதினால் போதும். அந்த 36 மட்டும் வேண்டாம்.

சராசரியில் நடப்பது இதைவிட மோசம். இந்தியாவின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இருக்கும் பகலுக்கான 55, இரவுக்கான 45 எல்லாம் ஒரு கணத்து அளவு அல்ல, நேரத்துக்குச் சராசரி எடுத்தவை. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் வெடிச்சத்தம் 90 டெசிபல், மீதி ஐம்பது நிமிடம் அமைதியாக 50 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். நம் பழக்கப்படி சராசரி போட்டால் 57-க்குக் கொஞ்சம் குறைவாக வரும், அட, வரம்பை ஒட்டித்தானே இருக்கிறது என்று தோன்றும். இப்போது ஆற்றலில் போடுங்கள். 50 டெசிபலை ஒரு பங்கு என்று வைத்தால் 90 என்பது நான்கு பெல் மேலே, 10,000 பங்கு. பத்து நிமிடத்துக்கு 1,00,000, ஐம்பது நிமிடத்துக்கு வெறும் 50. இரண்டையும் கூட்டி அறுபதால் வகுத்தால் 1,667 பங்கு சொச்சம். அதைத் திரும்ப டெசிபலாக்கினால் 50-க்கு மேல் 32, ஆக 82. சராசரி 57 என்று போட்டதற்கும் 82 என்பதற்கும் இடையில் முந்நூறு மடங்குக்கு மேல் ஆற்றல் காணாமல் போயிருக்கிறது. அந்த ஐம்பது நிமிட அமைதி கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் பட்டியலில் உள்ள எண்களை நீங்களே கூட்டிச் சராசரி போடாதீர்கள், அவர்கள் தரும் சராசரியை அப்படியே போடுங்கள்.

அப்புறம் நிலநடுக்கம்.

1930-களில் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் பல நிலையங்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு, தூரம் கூடக்கூட அலைவீச்சு எப்படிக் குறைகிறது என்று வரைந்து பார்த்தார். அளவுகள் ஒன்றுக்கொன்று அத்தனை வித்தியாசமாக இருந்ததால் ஒரே தாளில் அடங்கவில்லை. உடன் வேலை பார்த்த குட்டன்பர்க் மடக்கையில் வரையச் சொன்னார். வரைந்ததும் வெவ்வேறு நிலநடுக்கங்களின் கோடுகள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக வந்து நின்றன. ஒரு கோட்டை எவ்வளவு மேலே தள்ளினால் இன்னொன்றோடு பொருந்துமோ, அந்தத் தள்ளல்தான் இரண்டு நிலநடுக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். 1935-இல் வந்த வரையறைப்படி, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வுட்-ஆண்டர்சன் என்ற குறிப்பிட்ட வகைக் கருவியின் தாளில் அலை 1 மில்லிமீட்டர் எழும்பினால் அளவு 3, ஒரு சென்டிமீட்டர் என்றால் 4, பத்து சென்டிமீட்டர் என்றால் 5.

இதையே நீட்டிக்கொண்டு போனால், அளவு 9-க்கு அந்தத் தாளில் அலை ஒரு கிலோமீட்டர் உயரம் எழும்ப வேண்டும்! ஆகவே பெரிய நிலநடுக்கங்களுக்கு ரிக்டரின் முறை செல்லாது. இன்று உலக மையங்கள் பெரிய நிலநடுக்கங்களுக்குத் தருவது, 1979-இல் ஹாங்க்ஸும் கனமோரியும் வகுத்த திருப்புத்திறன் அளவு. எவ்வளவு பரப்பில் பாறை பிளந்தது, எத்தனை மீட்டர் நகர்ந்தது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் பெருக்கி, அதிலிருந்து மடக்கை எடுத்துக் கணக்கிடுவது. எண்கள் பழையதோடு ஒத்துப்போகும்படி அமைத்ததால் படிகளின் பொருளும் அப்படியே: ஒரு படிக்கு அலைவீச்சு பத்து மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு படிக்கு ஆற்றல் ஆயிரம் மடங்கு. பத்து மடங்கு அலைக்கு ஆற்றல் ஏன் 32 என்றால், அளவு ஒரு படி ஏறினால் ஆற்றலின் மடக்கை ஒன்றரைப் படி ஏறுகிறது.

இது எங்கே உதைக்கும் என்பதற்கு நமக்கே தெரிந்த நாள் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே பிளவு தொடங்கியது. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வெளியிட்ட முதல் அறிக்கையில் அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது அறிக்கையில் 8.5. பல மணி நேரத்துக்குப் பிறகுதான் 9-ஐ நெருங்கினார்கள், இன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்கு 9.1. பார்ப்பதற்கு 8.0, 9.1, ஏதோ சிறு திருத்தம். ஆற்றலில் சுமார் 45 மடங்கு. அவர்கள் கவனக்குறைவாக இருந்ததால் அல்ல. அந்தப் பிளவு 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது, வடக்கே அந்தமான் வரை ஓடி முடியவே எட்டுப் பத்து நிமிடம் ஆனது. முதலில் வந்து சேரும் வேகமான, குறுகிய கால அளவு அலைகளை வைத்துக் கணக்கிட்டால் அவை ஒரு கட்டத்துக்கு மேல் வளரவே வளராது, பிளவு இன்னும் நீண்டுகொண்டே போவது அவற்றில் தெரியாது. நிதானமாக ஆடும் நீண்ட அலைகளை அளந்தால்தான் முழு உருவம் தெரியும், அதற்கு நேரம் பிடிக்கும். அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் அலை வர இருந்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எண் சரியாக வந்திருந்தாலும் அதைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் எச்சரிக்கை அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலில் கிடையாது. ஹைதராபாத்தில் நம் மையம் 2007-இல்தான் வந்தது.

ஆகவே, பெரிய நிலநடுக்கத்துக்கு முதல் சில நிமிடங்களில் வரும் எண்ணைப் போடும்போது "முதற்கட்டக் கணிப்பு" என்று சேர்த்துப் போடுங்கள். திருத்தம் வந்தால் பழைய எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், எத்தனை மடங்கு கூடியது என்று ஒரு வரி எழுதுங்கள். இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். நிலநடுக்கத்தில் 0.2 வித்தியாசம் ஆற்றலில் இரண்டு மடங்கு, 0.5 என்றால் ஐந்தரை மடங்கு, 1 என்றால் 32. ஒலியில் 3 டெசிபல் இரண்டு மடங்கு, 10 பத்து மடங்கு, 20 நூறு மடங்கு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினால் தீர்ந்தது. ஆற்றல் 32 மடங்கு என்பதால் சேதமும் 32 மடங்கு என்று மட்டும் போய்விடாதீர்கள், 1993-இல் லாத்தூரில் வெறும் 6.2 அளவிலேயே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆழம், தூரம், வீடு கட்டிய விதம் எல்லாம் இந்த எண்ணுக்கு வெளியே இருப்பவை.

ஒலிச் செய்திக்கு இன்னொன்றும் கேட்கிறேன். பட்டாசு 125 டெசிபல் என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி. எவ்வளவு தூரத்தில் அளந்தது? விதியில் அந்த 125-க்குப் பக்கத்திலேயே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் என்று இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும், அதாவது ஆற்றல் நாலில் ஒரு பங்கு. எனவே அளந்த தூரத்தையும் அதே வரியில் போட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
ஒலி அளவீட்டு வேலையில் இருக்கும் உங்கள் வாசகன்