பில்லில் பெயர் மாறினால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 18 அன்று, மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கும் தம்பி எங்கள் கும்பகோணம் கடைக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஜூலை 22 அன்று வாங்கிய மோட்டாரின் பில் பழைய பெயரில் இருக்கிறது, அதே நம்பர், அதே தேதியில் புதுப் பெயர் போட்டு அடித்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தார். மோட்டார் 24,000 ரூபாய், 18 சதவீத வரி 4,320 ரூபாய்.

பெயரில் எழுத்துப் பிழை மட்டும் என்றால் அன்றே திருத்திக் கொடுத்திருப்போம். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரி வரவு போவது பெயரைப் பார்த்து அல்ல, ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்துத்தான். இங்கே எண்ணே வேறு. அப்பா தனியாக நடத்திய ஆலையைப் பிள்ளைகள் கூட்டு நிறுவனமாக்கியிருக்கிறார்கள். பான் மாறினால் ஜிஎஸ்டி எண்ணும் மாறிவிடும். எண்ணின் தொடக்கத்தில் தமிழ்நாட்டைக் குறிக்கும் 33-க்குப் பின் வரும் பத்து எழுத்துகள் பான்தான். எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்: தனிநபர் என்றால் P, கூட்டு நிறுவனம் என்றால் F. எங்கள் கம்ப்யூட்டரில் பழைய P எண் அப்படியே கிடந்தது. கேட்டு மாற்றாதது எங்கள் தவறு.

ஆகஸ்ட் 10-க்குள் சொல்லியிருந்தால் பில்லை ரத்து செய்து புதிது போட்டிருக்கலாம். எங்கள் ஜூலை விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலாகிவிட்டதால், வாங்குபவரின் வரவுப் பட்டியலான 2பி-யில் அப்பாவின் பெயரில் வரவு ஏறிவிட்டது. காகிதத்தில் மட்டும் பெயரை மாற்றித் தந்தால் பார்க்க நன்றாக இருக்கும், வரவு வராது. அதே மாதத்தைத் திருத்த ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கிறதே என்பீர்கள். வாங்குபவரின் எண்ணை அதில் மாற்ற முடியாது. ஆகஸ்ட் கணக்கைத் தாக்கல் செய்யும்போது திருத்தப் பட்டியலில் பழைய பில் நம்பரையும் தேதியையும் குறித்து, புது எண்ணைச் சேர்த்தோம். திருத்திய பில்லையும் கொடுத்தோம். வரவு ஒரு மாதம் தள்ளிப்போனதுதான் நஷ்டம்.

அந்தத் தம்பியின் கடிதத்தில் ஒன்று எங்களுக்குப் பிடித்திருந்தது. பில் நம்பர், தேதி, புதுப் பதிவுச் சான்றிதழின் நகல் எல்லாம் கூடவே இருந்தன. "பேரை மாத்திக் குடுங்க" என்று போனில் மட்டும் சொன்னால், எந்தப் பெயர், எந்த எண் என்று கேட்டே இரண்டு நாள் போய்விடும். கடையின் பலகையில் உள்ள பெயர் ஒன்றாகவும் சான்றிதழில் உள்ள சட்டப் பெயர் வேறாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். எங்களுக்கு வேண்டியது சான்றிதழில் உள்ளது.

அப்புறம், பில் கைக்கு வந்த அன்றே எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாங்கள் தாக்கல் செய்வது அடுத்த மாதம் 10-ஆம் தேதி.

மன்னார்குடி ஆலையில் மோட்டாரின் விலையை உடனே கட்டிவிட்டு, வரித் தொகை 4,320-ஐ மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. செப்டம்பர் 14 அன்று அவர்களின் 2பி-யில் பில் ஏறியது, மறுநாள் பணம் வந்துவிட்டது.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு,
மோட்டார், பம்ப்செட் கடை, கும்பகோணம்