பன்னிரண்டால் வகுப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம் ஜூனில் 36,000, காப்பீட்டு பிரீமியம் செப்டம்பரில் 24,000, பண்டிகைக்கு வாங்குவது நவம்பரில் 18,000. மூன்றையும் கூட்டினால் 78,000. பன்னிரண்டால் வகுத்து மாதம் 6,500 என்று எழுதி, பிப்ரவரிச் சம்பளத்திலிருந்து, இப்படி ஆண்டுக்கொரு முறை வரும் செலவுகளுக்கு மாதா மாதம் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறாய். கூட்டலும் வகுத்தலும் சரிதான். ஆனாலும் இந்தக் கணக்கு ஜூனிலேயே கையை விரித்துவிடும்.

பிப்ரவரி முதல் ஜூன் வரை ஐந்து தவணை போடுவாய். அது 32,500. கட்டணமோ 36,000. அங்கே 3,500 குறைகிறது. செப்டம்பருக்குள் எட்டுத் தவணையில் 52,000 சேரும்; அதற்குள் கட்ட வேண்டியது 60,000. குறை 8,000 ஆகிறது. நவம்பருக்குள் பத்துத் தவணை 65,000, செலவு 78,000. குறை 13,000. டிசம்பரிலும் ஜனவரியிலும் போடும் 13,000 அதைச் சரிசெய்யும் என்பது உண்மை. ஆனால் பணம் வேண்டியது நவம்பரில். பன்னிரண்டால் வகுப்பது, கட்டும் நாளுக்கு முன் பன்னிரண்டு தவணையும் உள்ளே வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் தொடங்குகிறவர்களுக்கு அது பொருந்தாது. ஏறக்குறைய எல்லோரும் நடுவில்தான் தொடங்குகிறார்கள். முதல் கெடுவிலேயே கடன் அட்டையை எடுத்துவிட்டு, ‘இந்த முறை நமக்குச் சரிவராது’ என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கையில் 13,000 இருந்தால் முதல் நாளே அதைக் கணக்கில் போட்டுவிட்டு, நீ எழுதியபடி 6,500 போட்டுக்கொண்டே வரலாம். இல்லையென்றால் முதல் சுற்றுக்கு மட்டும் தவணையைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை இப்படிக் கண்டுபிடி: ஒவ்வொரு கெடுவுக்கும், அதுவரை கட்ட வேண்டிய மொத்தத்தை அதுவரை போடும் தவணைகளின் எண்ணிக்கையால் வகு. ஜூனுக்கு 36,000-ஐ ஐந்தால் வகுத்தால் 7,200. செப்டம்பருக்கு 60,000-ஐ எட்டால் வகுத்தால் 7,500. நவம்பருக்கு 78,000-ஐப் பத்தால் வகுத்தால் 7,800. மூன்றில் பெரியதுதான் உன் தவணை. மாதம் 7,800 போட்டால் ஜூன் கட்டணம் போக 3,000 மிஞ்சும். செப்டம்பர் பிரீமியம் போக 2,400. நவம்பரில் சரியாகப் பூஜ்யம். டிசம்பரிலிருந்து 6,500-க்கு இறங்கிவிடலாம். அதன் பிறகு எந்தக் கெடுவிலும் குறையாது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. மூன்று செலவுக்கும் மூன்று தனிக் கணக்கு திறக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் தொடங்கும்போது அதிகப் பணம் கேட்கும். பள்ளிக்கு மாதம் 3,000 என்று தனியாகப் போட்டால் ஜூனுக்குள் 15,000தான் சேரும்; 21,000 குறையும். பிரீமியத்துக்கு 8,000, பண்டிகைக்கு 3,000 குறையும். ஆக, தொடக்கத்தில் 32,000 வேண்டும். ஒரே கணக்கில் 13,000 போதும். பண்டிகைக்கென்று சேர்ந்து காத்திருக்கும் பணம் அதற்கு முன்னால் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி, பிறகு வரும் தவணைகளால் நிரம்பிக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. என் கருத்து, ஒரே கணக்குதான்.

ஆனால் ஒரே கணக்குக்கு ஒரு தொல்லை உண்டு. அதிலிருக்கும் பணம் யாருடையது என்று பார்த்தவுடன் தெரியாது. அடுத்த ஆண்டு ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகும் 9,500 இருக்கும். அதைப் பார்த்ததும் ‘மிச்சம் இருக்கிறதே’ என்று தோன்றும். மிச்சமே இல்லை, அதில் ஒரு காசு குறைந்தாலும் நவம்பரில் தெரியும். அதனால் ஒவ்வொரு கெடுவும் கட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய இருப்பை அட்டவணையில் ஒரு பத்தியாக எழுதி வை: ஜூனில் 9,500, செப்டம்பரில் 5,000, நவம்பரில் பூஜ்யம். உண்மை இருப்பு அதற்குக் கீழே போனால் எங்கோ கை வைத்திருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு கட்டணம் ஏறியிருக்கிறது. கெடு வரும்வரை காத்திராமல் அப்போதே தெரிந்துவிடும்.

ஏறத்தான் செய்யும், குறிப்பாகப் பள்ளிக் கட்டணம். அடுத்த கல்வியாண்டுக்கு 39,600 என்று ஏப்ரலில் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள். கூடுதல் 3,600-ஐ ஜூனுக்குள் திரட்ட வேண்டியதில்லை. ஜூனில்தான் 9,500 நிற்குமே. உன் கணக்கில் இருப்பு அடிமட்டத்தைத் தொடுவது நவம்பரில். அதுவரை எட்டுத் தவணை இருக்கிறது, மாதம் 450 கூட்டினால் போதும். டிசம்பரில் புதிய மொத்தத்தை, அதாவது 81,600-ஐப் பன்னிரண்டால் வகுத்து 6,800 என்று மாற்றிக்கொள். அப்போது வகுக்கலாம், ஏனென்றால் இந்தக் கணக்குக்கு ஆண்டு தொடங்குவது டிசம்பரில்தான்.

பண்டிகைக்கு வைத்த 18,000 மட்டும் வேறு வகை. மற்ற இரண்டும் அடுத்தவர் அனுப்பும் பில். இது நீங்களே வைக்கும் வரம்பு. போன ஆண்டு உண்மையில் என்ன ஆயிற்று என்று வங்கி அறிக்கையில் பண்டிகையை ஒட்டிய இரண்டு மாதத்தைப் புரட்டிப் பார். துணி, பரிசு என்று எழுதியிருப்பாய், பயணச் சீட்டை விட்டிருப்பாய் என்று சந்தேகப்படுகிறேன். நவம்பர்தான் அடிமட்டம் என்பதால் அங்கே தாண்டினால் தாங்கிக்கொள்ளக் கணக்கில் எதுவும் இருக்காது.

பணத்தைச் சம்பளக் கணக்கில் வைக்காதே. வேறொரு சேமிப்புக் கணக்கு போதும், சம்பளம் வந்த மறுநாள் தானாகவே மாறும்படி வங்கியில் சொல்லிவிடு. வட்டிக்காக வைப்பு நிதியில் பூட்டுவதை நான் இதற்குச் சொல்ல மாட்டேன். சில மாதங்களில் எடுக்கப்போகும் தொகைக்குக் கிடைக்கும் வட்டி சொற்பம். நோய், வேலையிழப்பு போன்றவற்றுக்கு வைத்திருக்கும் அவசரப் பணத்தையும் இதோடு கலக்காதே. பிரீமியத்தை மாதா மாதம் கட்டிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று தோன்றலாம். பொதுவாக மாதத் தவணையில் ஆண்டு மொத்தம் கூடுதலாக வரும். கட்டுவதற்கு முன் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்.

கடைசியாக ஒரு சந்தேகம். பிரீமியம் ‘செப்டம்பர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பாலிசிப் பத்திரத்தில் தேதியைப் பார். சம்பளம் வருவதற்கு முன் கட்ட வேண்டிய தேதி என்றால் செப்டம்பர்த் தவணை கணக்கில் வராது, ஏழுதான். 60,000-ஐ ஏழால் வகுத்தால் 8,571. ஆகஸ்ட் வரை மாதம் 8,600 போட வேண்டியிருக்கும், செப்டம்பரிலிருந்தே 6,500-க்கு இறங்கலாம். சலுகைக் காலம் இருக்கிறதே என்று அதை நம்பித் திட்டம் போடாதே. பாலிசிக்குப் பாலிசி அது மாறும். தேதியைப் பார்த்து எழுது, அட்டவணையைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா