இல்லங்களுக்குப் பெயர் வைத்த கதை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்ததா? கோயம்புத்தூர்க் குளிர் அதற்கு ஆகாது என்று அக்கா சொன்னார். உங்கள் பள்ளியிலும் விளையாட்டு இல்லங்களுக்குப் புதிதாகப் பெயர் தேடுவதாகவும், எங்கள் ஆண்டு விழாவில் நான் பேசியதை அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். தாளை அனுப்பினால் உனக்குப் பயன்படாது. கிறுக்கல்தான் மிச்சம். நடந்ததை எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் இரண்டு தொடக்கப்பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? இரண்டிலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு இல்லங்கள். அந்தச் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்றல்ல என்று பிள்ளைகள் முதல் வாரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் நிறங்களை விட்டுவிடாமல், யாருக்கும் பழையதாக இல்லாத பெயர்கள் வேண்டும் என்று முடிவானது. குழுவில் நானும் ஒருத்தி. அறிவிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

முதலில் மனிதர்களின் பெயர்களைத்தான் பேசினோம். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் ஹல்லெட் போன்ற பழைய தலைமையாசிரியர்களின் பெயரில் இல்லங்கள் உண்டு. ஆனால் நான்கு முன்னோடிகள் என்று எண்ணத் தொடங்கியதும், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழர் என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பெண் எங்கே என்று நான் கேட்டதும் கூட்டம் இன்னும் நீண்டது. மூன்றாவது கூட்டத்தில் விளையாட்டு ஆசிரியர் சன்னல் வழியே திடலைக் காட்டி, "அங்கே நிற்பவை போதாதா?" என்றார். அப்படித்தான் மரங்கள் வந்தன.

மரம் என்று சொல்லிவிடலாம், எந்த மரம்? திடலோரம் பெரிய மழைமரம் இருக்கிறது. எல்லாருக்கும் அதுவே முதலில் நினைவுக்கு வந்தது. நான்தான் தடுத்தேன். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். பிள்ளை வீட்டுக்குப் போய், "பாட்டி, நான் தூங்குமூஞ்சி இல்லம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மலாய் ஆசிரியை இன்னொன்று சொன்னார். மாலையில் இலை மடங்குவதால் மலாயில் அதற்குப் 'புகுல் லிமா', அதாவது ஐந்து மணி, என்று பெயராம். பள்ளி விட்டு வீட்டுக்கு ஓடும் நேரத்தின் பெயரை எந்த இல்லம் வாங்கிக்கொள்ளும்!

பெயர்களை ஆளாளுக்குக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் தவறியிருப்போம். ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு மரத்தின் பெயரையும் கைதட்டிக் கத்தச் சொன்னோம். இல்லத்தின் பெயர் ஆண்டுக்கு ஒரு நாள் விளையாட்டு விழாவில் கத்துவதற்குத்தானே இருக்கிறது? 'டெம்-பு-சு' மூன்று தட்டில் சரியாக விழுந்தது. 'ஆங்-சா-னா'வும் அப்படியே. 'சா-கா' இரண்டே தட்டு, ஆனால் நீட்டிக் கத்தலாம். முதல் எழுத்தும் பார்த்தோம். மதிப்பெண் பலகையில் ஓர் எழுத்துக்குத்தான் இடம். ஒரே எழுத்தில் இரண்டு பெயர் தொடங்கினால் கணக்கெழுதும் ஆசிரியர் பாவம்.

நான் தோற்ற இடம் நீல இல்லம். எனக்கு மெம்பாட் வேண்டும். 1963 ஜூன் 16 அன்று லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் நட்டது அந்த மரம்தான். மரம் நடும் இயக்கமே அங்குதான் தொடங்கியது. ஆனால் மெம்பாட்டின் பூ இளஞ்சிவப்பு, சட்டையோ நீலம். வாங்கி அடுக்கிவைத்த நீலச் சட்டைகளை என்ன செய்வது? கடைசியில் கடலோர மரமான கெத்தாபாங், நம் நாட்டு வாதுமை, கடலின் நீலத்தைச் சாக்காக வைத்து உள்ளே வந்துவிட்டது. அதன் காய் நீரில் மிதந்தே கரை விட்டுக் கரை போகும் என்பதால் எனக்கும் அரைமனம் சமாதானமானது.

இனி பேச்சு. ஒத்திகையில் "சிவப்பு இல்லத்தின் புதிய பெயர்..." என்று ஆரம்பித்தேன். 'சிவப்பு' என்ற சொல் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், சிவப்புப் பிள்ளைகள் மண்டபத்தைப் பிளந்துவிட்டார்கள். பெயர் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது தடவையும் அதே கதை. அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியையும் தலைகீழாகத் திருப்பினேன். முதலில் மரத்தின் கதை, பிறகு பெயர், ஒரு மூச்சு நிறுத்தம், கடைசியில்தான் நிறம். பெயர் அமைதியில் விழ வேண்டும், சத்தம் அதற்குப் பிறகு வரட்டும். நீ பேசும்போது இதை மட்டும் மறக்காதே.

விழா அன்று சாகாவுக்கு இப்படிப் பேசினேன். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்:

"என் கையில் இருக்கும் புட்டியைக் குலுக்குகிறேன், கேளுங்கள். இந்த விதைகளைப் பொறுக்காமல் நம் திடலைக் கடந்தவர் யாராவது உண்டா? அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கத்தை நிறுக்க இவற்றைத்தான் தராசில் வைத்தார்கள். எடை அதிகம் மாறாது, அதனால்தான். ஏறக்குறைய நான்கு விதை ஒரு கிராம். இந்த இல்லத்தின் பெயர் சாகா."

ஒலிவாங்கியின் அருகே குலுக்கியபோது மழை ஓட்டில் விழுவதுபோல் மண்டபம் முழுக்கச் சலசலத்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் "சிவப்பு" என்று சொன்ன பிறகுதான் கூச்சல். நம் ஊரில் இதற்கு மஞ்சாடி என்று பெயர், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று உன் தாத்தா கணக்குச் சொல்வார், நினைவிருக்கிறதா? அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர்களோ என்னை முந்திவிட்டார்கள். மறுநாளே நடைவழியில் ஒரு குரல்: "சாகா இல்லம் சாகாது!"

டெம்புசுவுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. இங்குள்ள தாவரவியல் பூங்காவான பூமலையில் நிற்கும் பழைய டெம்புசு ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இருக்கிறது. நோட்டை உயர்த்திக் காட்டினேன், போதுமானதாக இருந்தது. அது பச்சை இல்லம். ஆங்சானாவில்தான் சறுக்கினேன். ஒரே இரவில் பூத்து மறுநாளே மஞ்சள் விரிப்பாக உதிர்ந்துவிடும் என்று அழகாகச் சொல்லப் போய், அந்த 'மஞ்சள்' முன்பே வெளியேறிவிட்டது. சத்தத்தில் பெயர் மூழ்கிப்போனது. கையை உயர்த்தி, அடங்கும்வரை நின்று, மறுபடி சொன்னேன். அப்புறம்தான் நினைத்துக்கொண்டேன், ஆங்சானா நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை. சங்கப் பாட்டில் குறிஞ்சிப் பெண்கள் வேங்கைப் பூப் பறிக்கும்போது "புலி புலி" என்று கூவுவார்களே, கத்தும் மரம் என்று அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்! மேடையிலிருந்து இறங்கிய பிறகு வரும் அறிவு.

உங்கள் பள்ளித் திடலில் என்ன மரங்கள் நிற்கின்றன? வேம்பும் புங்கனும் இருக்கும் என்று நினைக்கிறேன். வேங்கை இருந்தால் எனக்கு முதலில் எழுது. நாம் படித்தபோது சிவப்பு இல்லத்துக்குப் பெயரே கிடையாது. 'ரெட், ரெட்' என்று கத்தியே நீ தொண்டை கட்டி, மறுநாள் தமிழ்ப் பாட்டுப் போட்டியில் வாயசைத்துவிட்டு இறங்கியதை இவர்களிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
கமலா