செயலி காட்டும் தொகை வருமானம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவு விநியோக ஊழியர்களின் மாத வருமானம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, செயலி காட்டும் தொகையையே வருமானமாகக் கொண்டுள்ளது, அது சரியல்ல. காரைக்குடியில் இவ்வேலை செய்யும் என் அண்ணன் மகன், கோட்டையூருக்கு உணவு கொண்டுபோனால், வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்துக்குப் பணம் கிடைப்பதில்லை, பெட்ரோல் மட்டும் செலவாகிறது. ஆகவே எரிபொருட்செலவைச் செயலியின் கிலோமீட்டரை வைத்து அன்றி, வண்டியின் ஓடோமீட்டரை வைத்தே கணக்கிட வேண்டும். சென்ற மாதம் அவனுக்கு வந்த 21,000 ரூபாயில், 2,600 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான பெட்ரோல் 5,900, ஆயில், பிரேக் ஷூ, டயர் தேய்மானத்துக்கென ஒதுக்கிய 1,200, கைப்பேசி டேட்டா 300 போக, 13,600 ரூபாய் மிஞ்சியது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து இரவு ஆர்டர்கள் தொடங்கும்வரை கடை வாசலில் காத்துக் கிடந்ததையும் சேர்த்து அவன் வேலையில் இருந்தது 280 மணி நேரம். அதாவது, மணிக்கு 49 ரூபாய்கூட இல்லை. வண்டிக் கடன் தவணை இதில் சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊழியருக்குத் தரும் மாதக் கணக்கில், ஆர்டருக்காகக் காத்திருந்த நேரத்தையும் திரும்பி வந்த தூரத்தையும் நிறுவனங்கள் தனித்தனியே காட்டுமாறு, தமிழ்நாடு அரசு அமைத்துள்ள இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியம் வலியுறுத்த வேண்டும்.

ஒரு வாசகர்,
காரைக்குடி.