மாலை 5:18-க்குப் போய்ச் சேர்ந்த மெயில்: தங்கள் சேவை குறித்துப் புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
பம்ப் உதிரிபாகத் தயாரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
எங்களுக்கு மெயில் சேவை வழங்கும் நிறுவனம்.

பொருள்: 11.03.2025 அன்று அனுப்பிய விலைப்புள்ளி மெயில் ஐந்தரை மணி நேரம் தாமதமானதும், அதற்குத் தங்கள் உதவிப் பிரிவு கொடுத்த தவறான விளக்கங்களும்.

ஐயா / அம்மா,

மேலே சொன்ன தேதியில் காலை 11:42-க்கு எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு விலைப்புள்ளி மெயிலில் போனது. வாங்கும் நிறுவனம் கொடுத்திருந்த கெடு அன்று மாலை 3 மணி. மெயில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது 5:18-க்கு. விலைப்புள்ளிகளைத் திறந்து பார்த்து முடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேரம் கடந்து வந்ததை எடுத்துக்கொள்ள முடியாதுதான். என் புகார் உங்கள் மேல்.

உங்கள் உதவிப் பிரிவு இதற்கு மூன்று விளக்கங்கள் கொடுத்தது. மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை மெயில் போன வழியை வைத்தே சொல்கிறேன். இந்தக் கடிதத்தின் நகல் எங்கள் தொழில் சங்கத்தினருக்கும் போவதால், சர்வர் பெயர்களையும் ஐபி முகவரிகளையும் மாற்றியிருக்கிறேன். அசல் விவரம் இணைப்பில் உள்ளது.

முதல் விளக்கம்: "உங்கள் சென்ட் ஃபோல்டரில் மெயில் இருக்கிறது, ஆகவே அது போய்விட்டது." மெயில் மென்பொருளில் அனுப்பு பட்டனை அழுத்தியதும் அவுட்பாக்ஸில் இருக்கும் மெயிலுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, 587 அல்லது 465 போர்ட் வழியாக, மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் உங்கள் சர்வரிடம் மெயிலை ஒப்படைப்பது. இன்னொன்று, சர்வரில் உள்ள மெயில் பெட்டியைக் கையாளும் நெறிமுறையான ஐமேப் வழியாக அதன் பிரதி ஒன்றைச் சென்ட் ஃபோல்டரில் போட்டுவைப்பது. சென்ட் ஃபோல்டரில் இருப்பது தபால் பெட்டியில் போடும் முன் எடுத்து வைத்த ஜெராக்ஸ் மாதிரி. உரியவர் கையில் கடிதம் சேர்ந்ததா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது விளக்கம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. வாங்கும் நிறுவனத்தின் கணினிப் பிரிவு நண்பர், வந்து சேர்ந்த மெயிலின் முழு ஹெடரை, அதாவது அது போன வழியைச் சொல்லும் தலைப்பகுதியை, எடுத்துக் கொடுத்தார். அதை டிக்கெட்டில் இணைத்தேன். "11:42-க்குக் கிளம்பி 11:48-க்குச் சேர்ந்திருக்கிறது, ஆறு நிமிடம் சாதாரணம்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ஹெடரின் முக்கியப் பகுதி இது:

```
Received: from out.sender.example ([198.51.100.21])
  by mx1.buyer.example with ESMTPS;
  Tue, 11 Mar 2025 11:48:09 +0000
Received: from smtp.sender.example
  by out.sender.example with ESMTP;
  Tue, 11 Mar 2025 11:42:06 +0530
Received: from accounts-pc
  by smtp.sender.example with ESMTPSA;
  Tue, 11 Mar 2025 11:42:03 +0530
```

இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மெயிலைக் கைமாற்றி வாங்கும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை உச்சியில் சேர்க்கும். அதனால் பழையது அடியில் இருக்கும். அடியில் உள்ள வரி, எங்கள் கணினியிடமிருந்து உங்கள் சர்வர் 11:42:03-க்கு வாங்கியது என்கிறது. ESMTPSA என்பதன் கடைசி எழுத்து A, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்த மெயில் என்பதற்கு அடையாளம். மூன்று விநாடியில் உங்கள் வெளியனுப்பும் சர்வருக்கு அது மாறியிருக்கிறது. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் மேல் வரியைப் பாருங்கள். அதன் முடிவில் +0000 என்று இருக்கிறது. அவர்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. 11:48-உடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் மாலை 5:18. உங்கள் ஊழியர் கடைசி ஐந்து எழுத்தை விட்டுவிட்டுக் கடிகார எண்களை மட்டும் கழித்திருக்கிறார். மெயில் சேவை விற்கும் நிறுவனத்தில் ஹெடர் படிக்கிறவருக்கு இது தெரியாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வரிகளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வொரு வரியையும் எழுதுவது வாங்கிய சர்வர். அப்படியென்றால் இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள நேரம் முழுக்க மெயில் முந்தைய சர்வரின் கையில்தான் இருந்திருக்கும், கடிகாரங்கள் சரியாக இருக்கும்வரை. 11:42 முதல் 5:18 வரை எங்கள் விலைப்புள்ளி இருந்தது உங்கள் க்யூவில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையில்.

மூன்றாவது விளக்கம், அட்டாச்மென்ட் பெரியது என்பது. 6 எம்பி பிடிஎஃப். மெயிலில் போவதற்காகப் பேஸ்64 ஆக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 8 எம்பி ஆகும். அதைப் பற்றிப் பேசவே இடமில்லை, ஏனென்றால் அந்த அட்டாச்மென்டை மூன்று மணிக்குள் அவர்கள் சர்வர் பார்க்கவேயில்லை. இதைச் சொல்ல அவர்களுடைய லாக் இருக்கிறது. நேரமெல்லாம் உலகப் பொது நேரம்:

```
06:12:07 198.51.100.21 451 4.7.1 Greylisted, try again later
07:00:11 203.0.113.8   451 4.7.1 Greylisted, try again later
08:36:14 192.0.2.45    451 4.7.1 Greylisted, try again later
11:48:09 198.51.100.21 250 2.0.0 Ok: queued
```

உங்கள் வெளியனுப்பும் சர்வர் முதலில் இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் வாங்கும் நிறுவனத்தின் எம்எக்ஸ் பதிவைக் கேட்டு, மெயில் வாங்கும் சர்வரின் பெயரைப் பெற்று, 25-ஆம் போர்ட்டில் அதனுடன் இணைகிறது. பின்பு அனுப்புநர் முகவரியைச் சொல்கிறது, அடுத்து பெறுநர் முகவரியைச் சொல்கிறது. இரண்டுக்கும் சம்மதம் கிடைத்த பிறகுதான் மெயிலின் உடலும் அட்டாச்மென்டும் போகும். இங்கே பெறுநர் முகவரியைச் சொன்ன உடனேயே 451 என்று பதில் வந்துவிட்டது. 4-இல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, பிறகு வா என்று பொருள். 5-இல் தொடங்கியிருந்தால் நிரந்தர மறுப்பு. அப்போது எங்களுக்குத் திரும்பி வந்திருக்கும், நாங்களும் ஃபோனிலாவது பேசி வேறு வழி பார்த்திருப்போம்.

அந்த மறுப்புக்குக் காரணம் கிரேலிஸ்டிங். முன்பின் தெரியாத அனுப்புநரிடமிருந்து மெயில் வந்தால், வாங்கும் சர்வர் வேண்டுமென்றே ஒருமுறை மறுத்துவிட்டு மூன்று விவரங்களைக் குறித்து வைக்கும்: எந்த ஐபி, எந்த அனுப்புநர், எந்தப் பெறுநர். ஸ்பாம் அனுப்பும் பல நிரல்கள் மறுபடி முயலாமல் போய்விடும். முறையான சர்வர் க்யூவில் வைத்துக் காத்திருந்து திரும்ப வரும். குறிப்பிட்ட நேரம் கழித்து, அதே மூன்றும் பொருந்தி வந்தால் உள்ளே விடும். இவர்கள் வைத்திருக்கும் காத்திருப்பு நேரம் 5 நிமிடம்.

ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஐந்தரை மணி நேரம் ஆனது ஏன் என்பதற்கு ஐபி வரிசையே பதில். முதல் முயற்சி ஒரு ஐபியிலிருந்து. 48 நிமிடம் கழித்து மறுமுயற்சி வேறொரு ஐபியிலிருந்து. அவர்கள் சர்வருக்கு அது புது ஆள், ஆகவே மறுபடியும் 451. 96 நிமிடம் கழித்து மூன்றாவது ஐபி, மறுபடியும் புது ஆள். அருகருகே உள்ள ஐபிகளை ஒன்றாகக் கணக்கிடும் வசதி பல கிரேலிஸ்டிங் மென்பொருள்களில் உண்டு, ஆனால் உங்கள் மூன்றும் வெவ்வேறு வரம்பில் இருப்பதால் அதுவும் பயன்படவில்லை. 192 நிமிடம் கழித்து நான்காவது முயற்சி தற்செயலாக முதல் ஐபிக்கே திரும்பியதால் கதவு திறந்தது. இன்னும் நாலைந்து ஐபிகள் உங்களிடம் இருந்திருந்தால் மறுநாள் வரைகூட இழுத்திருக்கலாம்.

மறுமுயற்சிகளுக்கு நடுவே நீங்கள் விட்ட இடைவெளியை நான் குறை சொல்லவில்லை. எஸ்எம்டிபியின் வரையறையான ஆர்எஃப்சி 5321, முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முயற்சி, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்பதை நல்ல வழக்கமாகச் சொல்கிறது. உங்கள் இரண்டாவது முயற்சி நம் நேரம் 12:30-க்கு நடந்தது. அது முதல் ஐபியிலிருந்தே போயிருந்தால் கெடுவுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே விலைப்புள்ளி சேர்ந்திருக்கும். வாங்கும் நிறுவனம் உங்களை விதிவிலக்குப் பட்டியலில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். இப்போது போட்டுவிட்டார்கள். ஆனால் நாங்கள் நாளை மெயில் அனுப்பப்போகும் புதிய வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் போய் அதைக் கேட்க முடியாது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் அதே ஆவணம் தெளிவாக இருக்கிறது. ஒரு சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டு 250 என்று சொல்லிவிட்டால், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோ, முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பதோ அந்தச் சர்வரின் கடமை. 11:42:03-க்கு நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். மூன்று முறை மறுப்பு வந்தும் எங்களுக்கு ஒரு வரி தகவல் வரவில்லை. உங்கள் சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் என்று உங்கள் உதவிப் பக்கமே சொல்கிறது. அதில் தாமத அறிவிப்பு இயல்பாக அணைந்திருக்கும். ஒரே வரியில் போட்டுவிடலாம்:

```
delay_warning_time = 1h
```

இது இருந்திருந்தால், மூன்றாவது முயற்சியும் மறுக்கப்பட்டதும், மதியம் இரண்டு மணி வாக்கில் எங்களுக்கு எச்சரிக்கை வந்திருக்கும். கெடுவுக்குள் ஆளையே அனுப்பியிருப்போம், அவர்கள் அலுவலகம் இதே ஊரில்தான்.

ஆகவே நான் கேட்பது இவை. ஒரு மெயிலின் மறுமுயற்சிகள் எல்லாம் முதல் முயற்சி போன அதே ஐபியிலிருந்து போகும்படி உங்கள் வெளியனுப்பும் அமைப்பை மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால் எங்களுக்குத் தனி ஐபி கொடுங்கள். அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கேட்காதீர்கள். தாமத அறிவிப்பை எங்கள் டொமைனுக்கு இயக்குங்கள். அன்றைய உங்கள் க்யூ லாக்கை அழிக்காமல் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் லாக்குடன் நாங்கள் ஒப்பிட வேண்டும். மூடிய டிக்கெட்டைத் திறந்து, ஆறு நிமிடம் என்ற பதிலை எழுத்தில் திருத்துங்கள். எங்கள் நிர்வாகத்திடம் அந்தப் பதில்தான் இப்போது கோப்பில் இருக்கிறது. மார்ச் மாதக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கிறோம். போன ஆர்டரின் மதிப்பை உங்களிடம் கேட்கவில்லை. விலைப்புள்ளி நேரத்துக்குப் போயிருந்தாலும் ஆர்டர் எங்களுக்கே கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பதினைந்து நாளுக்குள் லாக்குடன் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது பற்றி வழக்கறிஞரிடம் பேசுவோம். சேவையையும் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வோம். பதிலை இந்த முறை டிக்கெட் வழியாக மட்டும் அனுப்பாமல், கையெழுத்திட்ட கடிதமாகத் தபாலிலும் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்.

இணைப்பு: முழு ஹெடர், பெறுநர் சர்வர் லாக், டிக்கெட் உரையாடலின் அச்சுப்பிரதி.